வாக்கியத்தின் கடைசியில் ஒரு எண்

உயரத்தில் வேலை செய்வது பற்றிய எங்கள் பயிற்சி வகுப்புக்கு நாற்பது ஸ்லைடு. எல்லாம் ஆங்கிலம். அந்த நாற்பதையும் ஒன்றரைப் பக்கத் தமிழ்ச் சுருக்கமாக எழுதி, சிங்கப்பூரில் கட்டுமான சைட்டில் இருக்கும் நம் ஆட்களுக்குக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அந்தத் தாளில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு எண்ணோடுதான் முடியும். [14], [17], [22] என்று. அந்த வாக்கியம் எந்த ஸ்லைடிலிருந்து வந்ததோ, அந்த ஸ்லைடின் எண். பத்திக்கு ஒன்று போதாது, பக்கத்தின் அடியில் மொத்தமாகப் போட்டாலும் போதாது. ஒரு வாக்கியத்துக்கு ஒன்று வேண்டும்.

இதை அலுவலகத்தில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. "தாள் பூராவும் எண்ணா இருக்கு, படிக்கிறவன் கண்ணு தடுக்கும். சைட்ல வேலை செய்யுறவன் இதையெல்லாம் பார்க்கவா போறான்?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. தாள் சுத்தமாக இருந்தால் கடைசி வரை படிப்பார்கள் என்பது அவர் கணக்கு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை அன்றைக்கு அவரிடம் சரியாகச் சொல்லவும் வரவில்லை. இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், இந்தத் தாளைப் படிப்பவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கிலம் எழுத்துக்கூட்டுவார். அவருடைய சூப்பர்வைசர் தமிழராகவும் இருக்கலாம், பங்களாதேஷ்காரராகவோ சீனராகவோகூட இருக்கலாம். சேஃப்டி ஆபீசருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. அப்படியென்றால் என் தமிழ்த் தாளில் ஒரு வரி சரியா தப்பா என்று இவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பார்? சேஃப்டி ஆபீசரால் தமிழைப் படிக்க முடியாது, இவரால் ஆங்கில ஸ்லைடைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது எண் மட்டும்தான். 14 என்றால் இருவருக்கும் 14. தாளில் அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டினால் போதும். பயிற்சி அறையில் பவர்பாயிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது விசைப்பலகையில் 14 என்று அடித்து Enter தட்டினால் திரை நேராக அந்த ஸ்லைடுக்குப் போய்விடும். தேடவே வேண்டாம். இது பலருக்குத் தெரியாத சின்ன வசதி, எங்களுக்கோ இதுதான் அன்றாடம் கைகொடுக்கிறது.

மூன்று மீட்டர்

நான் இந்த வேலைக்கு வந்தபோது ஏற்கனவே ஒரு தமிழ்ச் சுருக்கம் புழக்கத்தில் இருந்தது. யாரோ நல்ல தமிழில், கோவையாக எழுதியிருந்தார்கள். அதிலும் ஸ்லைடு எண்கள் இருந்தன, ஆனால் பத்தியின் கடைசியில் மட்டும், [12–19] என்கிற மாதிரி. எட்டு ஸ்லைடுக்குச் சேர்த்து ஒரே அடைப்புக்குறி.

மன்னார்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர், வேலையில் நல்ல அனுபவசாலி, ஒருநாள் காலை வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்ததும் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். மடிப்பில் எழுத்து தேய்ந்து போயிருந்தது.

"மேடம், இந்த மூணு மீட்டர் எந்தப் படத்துல இருக்கு?"

அவர் காட்டிய வரி இதுதான்: "மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள இடங்களில் தடுப்புக் கம்பியும் பெர்மிட்டும் கட்டாயம் தேவை."

"ஏண்ணே கேக்குறீங்க?"

"நாங்க நிக்கிற எடம் கீழேர்ந்து ரெண்டரை மீட்டர்தான் இருக்கும். ஓரத்துல கம்பி இல்ல. கேட்டா, மூணுக்குக் கீழதானே, தாள்லயே போட்டிருக்கேன்னு சொல்றாங்க. எனக்கு என்னமோ சரியாப் படல."

அவர் கேட்டது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விதி என்ன என்று அவர் கேட்கவில்லை. சொன்னவர் பொய் சொல்கிறார் என்றும் சொல்லவில்லை. இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்டார். தன் உயிர் நிற்கிற விளிம்பைப் பற்றி யாரோ எழுதி வைத்த ஒரு வரிக்கு மூலத்தைக் காட்டச் சொன்னார். பத்தியின் முடிவில் [12–19] என்றிருந்ததை அவர் பார்த்திருந்தார், ஆனால் அதை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. எட்டு ஆங்கில ஸ்லைடில் எது என்று அவர் எப்படித் தேடுவார்?

இருவரும் பயிற்சி அறைக்குப் போய் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். ஸ்லைடு 14-இல் திறந்த ஓரங்கள், திறப்புகள் பற்றி இருந்தது. ஒருவர் 2 மீட்டருக்கு மேல் விழக்கூடிய திறந்த ஓரமோ திறப்போ இருந்தால் அதை மூட வேண்டும், அல்லது தடுப்புக் கம்பி போன்ற தடுப்பு வைக்க வேண்டும். கம்பியின் உயரம், கம்பிகளுக்கு நடுவில் விடக்கூடிய இடைவெளி எல்லாம் அதன் கீழே. ஸ்லைடு 17-இல் பெர்மிட். ஒருவர் 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலைக்குப் பெர்மிட் வேண்டும். சூப்பர்வைசர் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கென்று நியமிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் இடத்தைப் பார்க்க வேண்டும், அதிகாரம் பெற்ற மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும், நகலை வேலை நடக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். இரண்டுமே உயரத்தில் வேலை செய்வது பற்றிய சிங்கப்பூரின் 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளிலிருந்து வந்தவை. இரண்டுமே சரி. ஸ்லைடில் எந்தத் தப்பும் இல்லை.

சுருக்கியவர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தபோது 2 காணாமல் போய், 3 இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. கம்பியும் வேண்டும், பெர்மிட்டும் வேண்டும், அது 3 மீட்டருக்கு மேல். தமிழ் வாக்கியமாகப் பார்த்தால் அழகாகவே இருக்கிறது. 3 மீட்டருக்கு மேல் இரண்டும் வேண்டும் என்பதுகூட உண்மைதான், அதனால்தான் ஆங்கிலம் தெரிந்தவர்கள் மேலோட்டமாகப் பார்த்தபோது யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால் படிப்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்வது என்ன? மூன்றுக்குக் கீழே என்றால் இரண்டும் வேண்டாம் என்பதைத்தான். அந்த வாக்கியம் நேராகச் சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்ட இடத்தில்தான் ஒரு ஆள் கம்பியில்லாத ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அன்றே சேஃப்டி ஆபீசரை அழைத்து ஸ்லைடு 14-ஐத் திரையில் காட்டினோம். மன்னார்குடிக்காரர் எதுவும் பேசவில்லை, திரையில் இருந்த 2-ஐக் கையால் காட்டினார், அவ்வளவுதான். கம்பி போடும் வரை அந்த ஓரத்தில் வேலை நிறுத்தப்பட்டது.

பிரித்து எழுதினால்

அதற்குப் பிறகு நான் புதிதாக எழுதிய தாளில் அந்த ஒரு வரி இப்படி இரண்டானது:

"2 மீட்டருக்கு மேல் விழக்கூடிய திறந்த ஓரம், திறப்பு எதுவானாலும் மூடப்பட்டிருக்க வேண்டும், அல்லது தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். [14]

3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலைக்கு, தொடங்குவதற்கு முன்பே பெர்மிட் வாங்கி, வேலை நடக்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். [17]"

வாக்கியத்துக்கு ஒரு எண் என்ற கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு எழுதினால் முதலில் மாறுவது எழுதுகிறவர் கைதான். பழைய வாக்கியத்துக்கு நேர்மையாக எண் போட உட்கார்ந்தால் [14, 17] என்று போட வேண்டிவரும். இரண்டு எண் வந்ததுமே ஒரு கேள்வி எழுகிறது: 14-ஐ மட்டும் திறந்து பார்க்கிறவருக்கு இந்த வாக்கியத்தில் எது தெரியும், 17-ஐ மட்டும் திறப்பவருக்கு எது தெரியும்? 14-இல் 3 என்ற எண்ணே கிடையாது என்பது அந்த நொடியே கண்ணில் படும். பத்தியின் கடைசியில் [12–19] என்று போடும்போது இந்தக் கேள்வி எழவே எழாது. எட்டு ஸ்லைடுக்குள் எங்கோ இருக்கும் என்று மனம் சமாதானமாகிவிடும். அதனால் இப்போது நான் [12–19] போல நடுவில் கோடு போட்டு எண்களைச் சேர்த்து எழுதுவதே இல்லை. பல ஸ்லைடு சேர்ந்துதான் ஒரு விஷயம் வருகிறது என்றால் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக எழுதுகிறேன். மூன்றுக்கு மேல் போனால் அது ஒரே வாக்கியமாக இருக்கக் கூடாதது என்று பிரித்துவிடுகிறேன்.

இரண்டு எண் வருவதே தப்பு என்று சொல்லவில்லை. "கம்பிக்கு 2 மீட்டர், பெர்மிட்டுக்கு 3 மீட்டர்: இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் [14, 17]" என்ற வரி இப்போது என் தாளிலேயே இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பாதியும் அதனதன் ஸ்லைடில் அப்படியே நிற்கிறது, நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அவ்வளவே. இரண்டு ஸ்லைடிலிருந்து மூன்றாவதாக ஒரு முடிவை எடுத்து, அதற்கும் அதே இரண்டு எண்களைப் போடும்போதுதான் ஆபத்து.

இதற்கும் அந்தப் பழைய தாளிலேயே ஒரு வரி இருந்தது. "தடுப்புக் கம்பி இருந்தால் ஹார்னஸ் தேவையில்லை." ஹார்னஸ் என்பது விழுபவரைத் தாங்க உடம்பில் மாட்டும் பட்டை. எண் போட்டுப் பார்த்தால் 14-உம் 19-உம் வரும். 14 கம்பியைப் பற்றியது. 19 சொல்வது, கம்பி போன்ற தடுப்புகளை வைக்க முடியாத இடத்தில் ஹார்னஸ் போன்ற தனிப்பட்ட சாதனங்கள் வேண்டும் என்பது. முதலில் விழாமல் தடு, முடியாவிட்டால்தான் விழுபவரைத் தாங்கு என்ற வரிசை. இதைப் படித்த யாருக்கும், அப்படியானால் கம்பி இருந்தால் ஹார்னஸ் வேண்டாம் என்றுதான் தோன்றும். ஆனால் எந்த ஸ்லைடிலும் அந்த வாக்கியம் இல்லை. கம்பிக்கு வெளியே சாய்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தால் என்ன செய்வது? கிரேனில் வரும் சாமானை உள்ளே இழுக்க ஒரு பக்கக் கம்பியைக் கழற்றினால்? மேடை மேல் ஏணி போட்டு ஏறினால், இடுப்பளவு இருந்த கம்பி முழங்காலுக்குக் கீழே போய்விடுமே? இந்தச் சமயங்களிலெல்லாம் கம்பி இருக்கிறது என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் சுருக்கியவர் தன் சொந்த முடிவை வைத்து மூடியிருக்கிறார். அது அவருடைய முடிவு என்று தாளில் தெரிந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒருவராவது கேட்டிருப்பார். பத்திக்குள் கரைந்து போனதால் அது ஸ்லைடு சொன்னது மாதிரியே நின்றது.

அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். "அதனால்", "ஆகவே", "இருந்தால் போதும்" என்று வரும் வாக்கியங்களை மட்டும் தனியாக அடிக்கோடிட்டு, அந்த இணைப்பு எந்த ஸ்லைடில் இருக்கிறது என்று பார்ப்பேன். இரண்டு முனைகளும் இருந்தால் போதாது, முடிச்சும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாக்கியத்தை வெட்டிவிடுவேன், அல்லது வகுப்பு எடுத்தவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே குறிப்பேன்.

எண் இல்லாத வாக்கியங்கள்

வகுப்பில் நடப்பது எல்லாம் ஸ்லைடில் இருக்காது. பயிற்சியாளர் ஒரு படத்தைக் காட்டி ஐந்து நிமிடம் பேசுவார். அவர் வாயால் சொன்னதில்தான் சில சமயம் உயிரே இருக்கும். அதைச் சுருக்கத்தில் சேர்த்துவிட்டு அந்தப் படம் இருந்த ஸ்லைடின் எண்ணைப் போட்டால், தேடிப் போகிறவர் அங்கே ஒரு புகைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குழம்புவார். அதன் பிறகு மற்ற எண்களையும் நம்பமாட்டார். ஆகவே அப்படிப்பட்ட வரிக்கு [22, பேச்சு] என்று போடுகிறேன். ஸ்லைடு 22 திரையில் இருந்தபோது வாயால் சொன்னது என்று அர்த்தம். எங்கள் சைட்டுக்கு மட்டும் உள்ள ஏற்பாடு, உதாரணமாக பெர்மிட் நகலை எந்தப் பலகையில் ஒட்டுவது என்பது போன்றது, ஸ்லைடில் இருக்கவே முடியாது. அதற்கு [சைட்] என்று போடுகிறேன். ஸ்லைடு, பேச்சு, சைட் என்ற இந்த மூன்று வகையிலும் சேராத வாக்கியம் எதுவும் தாளில் தங்குவதில்லை.

படங்கள்தான் எனக்கு இன்னும் முழுதாகத் தீராத விஷயம். ஸ்லைடு 20-இல் இரண்டு புகைப்படம். ஒன்றில், ஹார்னஸோடு சேர்ந்த கயிறான லேன்யார்டின் ஹூக் தலைக்கு மேலே லைஃப்லைன் கயிற்றில் மாட்டியிருக்கிறது, மற்றதில் காலடியில் ஒரு குழாயில். முதலாவதில் பச்சை டிக், இரண்டாவதில் சிவப்புக் குறுக்குக்கோடு. எழுத்து ஒன்றுகூட இல்லை. "ஹூக்கைக் காலடியில் மாட்டாதே, மேலே மாட்டு" என்று எழுதினால் அது சரிதான். காலடியில் மாட்டினால், ஹூக் இருக்கும் மட்டத்தையும் தாண்டிக் கீழே போன பிறகுதான் லேன்யார்டு இழுபடும், அவ்வளவு தூரம் கூடுதலாக விழ வேண்டிவரும். ஆனால் சிவப்புக் கோடு அந்த உயரத்துக்கா, மாட்டியது குழாயில் என்பதற்கா? குழாய் ஒரு ஆள் விழும் வேகத்தைத் தாங்காது என்பதும் அதே அளவு முக்கியமான பாடம். படத்தைப் பார்த்து எழுதுவது படித்து எழுதுவது மாதிரி இல்லை, அதில் நம்முடைய ஊகம் கலந்தே தீரும். இப்போதைக்கு நான் செய்வது, பயிற்சியாளரிடம் கேட்டு, இரண்டு காரணத்தையும் இரண்டு வாக்கியமாக எழுதி, இரண்டுக்கும் [20, படம்] என்று போடுவது. தேடிப் போகிறவருக்கு அங்கே வாசகம் இருக்காது, படம்தான் இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

எண் நகர்ந்துவிடும்

இதுவரை சொன்னதெல்லாம் எழுதுகிறவர் சம்பந்தப்பட்டது. எல்லாம் சரியாக எழுதிய பிறகும், யாரும் எதையும் தப்பாகச் செய்யாமலேயே தாள் கெட்டுப்போக ஒரு வழி உண்டு. ஸ்லைடு எண் என்பது பவர்பாயிண்டில் தானாக நகரும் ஒன்று. பத்தாவது ஸ்லைடுக்குப் பிறகு புதிதாக ஒன்றை நுழைத்தால் பழைய 14 அமைதியாக 15 ஆகிவிடும், என் தாளில் மட்டும் அது 14 ஆகவே நிற்கும். தாளைப் பிடித்துக்கொண்டு போகிறவர் திறக்கும் 14-இல் வேறு ஏதோ இருக்கும். எண்ணே இல்லாத தாளைவிட இது மோசம். எண் இல்லாவிட்டால் போய்க் கேட்பார், தப்பான எண் இருந்தால் தான்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று திரும்பிவிடுவார்.

மறைத்து வைத்த ஸ்லைடு இன்னொரு வகை. ஒரு ஸ்லைடை நீக்காமல் Hide Slide கொடுத்து மறைத்தால் அதன் எண் அதனிடமே இருக்கும், அடுத்ததற்கும் மாறாது. திரையில் 15-க்குப் பிறகு நேரே 17 வரும். ஆனால் மறைத்ததைச் சேர்க்காமல் பிடிஎஃப் ஆக்கினால், 17 என்று மூலையில் அச்சிட்ட ஸ்லைடு பிடிஎஃப்பின் பதினாறாம் பக்கமாக இருக்கும். கைபேசியில் பிடிஎஃப்பைத் திறந்து பக்க எண்ணை வைத்துத் தேடுகிறவர் அங்கிருந்து கடைசி வரை ஒன்று தள்ளித்தான் பார்ப்பார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கடைசி ஸ்லைடின் மூலையில் இருக்கும் எண்ணையும் பிடிஎஃப்பின் மொத்தப் பக்கத்தையும் ஒப்பிடுவது. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் நடுவில் எங்கோ ஒன்று மறைந்திருக்கிறது, அல்லது எண் 1-க்குப் பதில் 0-இல் தொடங்குகிறது. Slide Size பெட்டியில் Number slides from என்று ஒரு கட்டம் இருக்கிறது, அங்கே பார்த்தால் தெரியும்.

நாங்கள் கடைசியில் தானியங்கி எண்ணையே எடுத்துவிட்டோம். ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும், Work at Heights என்பதன் சுருக்கத்தோடு `WAH-14` என்பது போலக் கையால் அடித்த ஒரு குறி. ஸ்லைடு எங்கே நகர்ந்தாலும் குறி அதோடு போகும். நடுவில் புதிதாக ஒன்று வந்தால் `WAH-14A`. ஒன்றை நீக்கினால் அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுப்பதில்லை. இதில் நஷ்டமும் உண்டு. 14 அடித்து Enter தட்டும் வசதி, ஸ்லைடுகள் நகர ஆரம்பித்ததும் துல்லியமாக இருக்காது, ஒன்றிரண்டு முன்னே பின்னே தள்ள வேண்டிவரும். ஆனால் நின்ற இடம் சரியா என்பது மூலையைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது, அது எனக்குப் போதும். தாளின் தலைப்பிலும் எந்தக் கோப்பிலிருந்து எழுதியது என்று `WAH_v3.pptx` போலப் பெயரோடு போட்டுவிடுகிறோம். கோப்பு v4 ஆனால், மாறிய ஸ்லைடுகளின் குறிகளை மட்டும் எடுத்து, அந்தக் குறி வரும் வாக்கியங்களை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும். முழுத் தாளையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டாம். வாக்கியத்துக்கு ஓர் எண் போட்ட உழைப்பு எழுதுகிறவருக்கே திரும்பக் கிடைப்பது இந்த இடத்தில்தான்.

தலைகீழாகப் பார்ப்பது

எண்கள் இருப்பதால் இன்னொன்றும் செய்ய முடிகிறது. தாளை முடித்த பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் 1 முதல் 40 வரை எழுதி, தாளில் வந்த எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவேன். அடிபடாமல் நிற்பவைதான் நான் சுருக்கத்தில் விட்ட ஸ்லைடுகள். தலைப்பு, வரவேற்பு, இடைவேளை போன்றவை நிற்கட்டும். ஆனால் பழைய தாளை இப்படிச் சோதித்தபோது 27 நின்றது. அது விழுந்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றிய ஸ்லைடு. ஹார்னஸில் தொங்கிக்கொண்டிருப்பவரை அப்படியே விட்டுவைக்கக் கூடாது, கால்களில் ரத்தம் தேங்கி நினைவிழக்கக்கூடும், அவரைச் சீக்கிரம் கீழே இறக்கிவிட வேண்டும், அதற்கான ஆளும் சாதனமும் வேலை தொடங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும் என்று நெருக்கமான சிறிய எழுத்தில் பத்து வரி. சுருக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஏன் விட்டுப்போயிற்று என்று எனக்குப் புரிகிறது. அதற்கு முந்தைய ஸ்லைடுகள் எல்லாம் விழாமல் இருப்பது எப்படி என்று சொல்கின்றன. அந்த ஓட்டத்திலேயே எழுதுகிறவருக்குக் கதை முடிந்துவிடுகிறது. தாளை மட்டும் படித்துப் பார்த்தால் குறை தெரியவே தெரியாது, அவ்வளவு கோவையாக இருந்தது. எண்களைத் தலைகீழாக எண்ணும்போதுதான் 27-ஐ யாரும் தொடவில்லை என்பது தெரிகிறது.

எண் போட்டுவிட்டால் வாக்கியம் உண்மையாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. [14] என்று போட்டுவிட்டு 14-இல் இல்லாததையும் எழுதிவிடலாம். எண்ணைப் பார்த்ததும் படிப்பவர் கூடுதலாக நம்பும் அபாயமும் இருக்கிறது. அதனால் தாளை வெளியே கொடுக்கும் முன் ஆங்கிலமும் தமிழும் தெரிந்த இன்னொருவரிடம் உட்காருகிறேன். தாளை அவரிடம் காட்டாமல் ஸ்லைடை மட்டும் காட்டி, இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்வேன். அவர் சொல்வதையும் நான் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தாளை முதலில் காட்டிவிட்டால் அவர் கண்ணும் என் வாக்கியத்தின் வழியாகத்தான் ஸ்லைடைப் பார்க்கும், எல்லாம் சரி என்றே சொல்லுவார். எல்லா வாக்கியத்துக்கும் இதைச் செய்ய நேரம் கிடைக்காது. மீட்டர், கிலோ, யார் கையெழுத்து, எப்போது நிறுத்த வேண்டும் என்று வரும் வாக்கியங்களுக்கு மட்டுமாவது செய்துவிடுகிறோம்.

அலுவலகத்தில் அந்த நண்பர் சொன்னதில் ஒரு பாதியை நான் எடுத்துக்கொண்டேன். எண்களை இப்போது சிறிய எழுத்தில், வெளிர் சாம்பல் நிறத்தில், வரியின் வலது ஓரத்தில் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி வைக்கிறேன், ஒரு வரியில் ஒரே வாக்கியம். படிக்கும்போது கண்ணைத் தடுப்பதில்லை, தேடும்போது விரல் நேராக அங்கே போகிறது. எண்ணையே எடுத்துவிடலாம் என்ற மறு பாதிக்கு மட்டும் நான் இன்னும் சம்மதிக்கவில்லை, அவரும் விடுவதாக இல்லை. போன வாரம் மழைநீர்க் கால்வாய் வேலைக்கான புதிய ஸ்லைடுகள் வந்தன. அதற்கும் இதே மாதிரிதான் எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.